மணல்மேல் படர்ந்த ஏடு

தலைவர் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கூட்டம் முழுவதற்கும் காட்டினார். உள்ளே பழுப்பும் பச்சையுமாகக் கொழகொழவென்று ஒன்று கிடந்தது.

"இதப் பாருங்க. பதினோரு வருஷமா என் தங்கச்சி நமக்குத் தண்ணி வடிச்சுக் கொடுத்தது இதுலதான். நேத்து தொட்டிக்குள்ள இறங்கி நானே வழிச்சு எடுத்தேன். பாசி, சேறு, பூச்சி. இதத்தான் நாம குடிச்சிட்டிருக்கோம்."

தண்ணீர்க் கமிட்டியின் தலைவர் அவர். கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வடிகட்டிக்காரிக்கு உடன்பிறந்த அண்ணன். ஊரில் அவளுக்கு மணல்காரி என்று பெயர். பதினோரு வருஷமாக மணலோடு மாரடித்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்தப் பாட்டிலில் இருந்தது என்ன என்று மணல்காரிக்குத் தெரியும். அவர் வழித்து எடுத்தது அழுக்கு இல்லை. ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்கு வந்து, ஒரு கை ஆழத்துக்குப் போட்ட மணல் வழியாக மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண்கூட இறங்காது. அப்படி இறங்கும்போது மணலின் மேல்பரப்பில், பாலில் படிவதுபோல் ஓர் ஏடு படிகிறது. அந்த ஏட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருக்கின்றன. தண்ணீரோடு வரும் நோய்க்கிருமிகளில் சிலதை அவை தின்றுவிடும், மற்றது ஏட்டின் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சாகும். மணல் சேற்றைத்தான் தடுக்கும். கிருமியைத் தடுப்பது ஏடு. இதை அண்ணனுக்கு அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். நூறு தடவையும் அவர் தலையாட்டியபடியே வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"குழாய்ல தண்ணி நூல் மாதிரி வருதுன்னு எல்லாரும் புலம்புறீங்க. காரணம் இந்தக் கொழகொழப்புதான். இனிமே என் மச்சினன் பார்த்துக்குவான். சுத்தபத்தமான ஆளு," என்றார் தலைவர்.

ஆக விஷயம் இதுதான். மச்சினனுக்கு ஒரு வேலை வேண்டும். அதற்காகத் தங்கச்சியை ஊர் நடுவில் நிறுத்தி, அவள் ஊருக்குச் சாக்கடையை ஊட்டியவள் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அவளுக்காக வாயைத் திறந்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி ஒருத்திதான்.

"அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான எல்லாரும் நல்லா இருக்கோம்? என் பொண்ணு பொறந்து ஆறு வருஷமாச்சு. ஒரு நாளாவது வயிறு சரியில்லன்னு படுத்திருக்காளா?"

யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணல்காரி வால்வுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை எல்லாம் அன்றே முடிந்திருக்கும். உள்ளே அடக்கிக்கொண்டதால்தான் அது புளித்துப் போனது.

மறுநாளிலிருந்து மச்சினன் வேலையைத் தொடங்கினான். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று மணல்காரி பார்த்தாள். அங்கே இரண்டு தொட்டி உண்டு. ஏடு தடித்துத் தண்ணீர் இறங்குவது ரொம்பவும் குறைந்தால் ஒரு தொட்டியை மட்டும் வற்ற வைத்து, மேலே விரல் நகத்தளவு வழித்து எடுக்க வேண்டும். மற்றது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வழித்த தொட்டியில் அடியிலிருந்து வடிகட்டிய தண்ணீரை ஏற்றி, மணலுக்குள் சிக்கிய காற்றை வெளியே தள்ள வேண்டும். பிறகு சில நாள் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிட்டு, ஏடு மறுபடி படிந்ததா என்று சோதித்த பிறகே குழாய்க்குத் திறக்க வேண்டும்.

மச்சினன் இரண்டையும் ஒரே நேரத்தில் வற்ற வைத்தான். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எறிந்தான். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டான். ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, குளியலறைத் தரையைத் தேய்ப்பதுபோல மணலைத் தேய்த்துக் கழுவினான். கழுவும்போது சினிமாப் பாட்டு வேறு.

அன்று மாலை அவள் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தொட்டி செத்துப்போச்சு. மறுபடி உயிர் வர மூணு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் குழாயத் திறக்காத."

"தொட்டி செத்துப்போச்சா? கருமாதி எப்ப வெச்சுக்கலாம்?"

உள்ளேயிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"விளையாடாதண்ணே. மேல்தொட்டியில குளோரின் மருந்து சொட்டுற டப்பாவும் உடைஞ்சு ஒரு வருஷமாச்சு. ஏடு இருந்ததாலதான் சமாளிச்சோம்."

"வேலை போன வயித்தெரிச்சல்ல பேசுற. வீட்டுக்குப் போய்ப் படு."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று அவள் திரும்பினாள். அந்த 'சொல்லியாயிற்று' என்பதைத்தான் பின்னாடி பல நாள் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழாயைத் திறந்தபோது ஊரே கூடியது. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணாடிபோல் தெளிவு. பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டே மச்சினனை மெச்சினார்கள். தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நினைப்பதுதானே நம் எல்லோருக்கும் வழக்கம்.

மணல்காரியின் வீட்டுப் பரணில் பழைய சோதனைக் குப்பிகள் எட்டு மிச்சமிருந்தன. கட்டைவிரல் அளவுக் குப்பி, உள்ளே மருந்து தடவிய காகிதத் துண்டு. கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, ஒன்றரை நாள் கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் மலம் கலந்திருந்தால் கறுத்துவிடும். பிளீச்சிங் வாடை போகட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் தேதி காலையில் தெருக்குழாயில் முதல் குப்பியைப் பிடித்தாள். பிளாஸ்திரித் துண்டில் தேதி எழுதி ஒட்டினாள். தேதி எழுதாத குப்பி குப்பியே இல்லை என்று பயிற்சியில் சொன்னதை அவள் இதுவரை ஒரு நாளும் மீறியதில்லை.

நான்காம் தேதி சாயங்காலம் அது மை போலக் கறுத்துக் கிடந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதலில் வந்தது பயம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அது இனித்தது. பன்னிரண்டாம் தேதி குடிநீர் வாரியத்திலிருந்து இன்ஜினியர் அம்மா பரிசோதனைக்கு வருகிறாள். ஊர்க்கூட்டம் கூடும். அதே மேஜை, அதே தலைவர். அவர் ஒரு பாட்டிலைத்தான் தூக்கிக் காட்டினார். அவள் எட்டுக் குப்பிகளை வரிசையாக வைப்பாள். இன்றைக்கே சொன்னால் அண்ணன் என்ன செய்வார்? ராவோடு ராவாகக் குழாயை மூடிவிட்டு, குப்பியில் இவளே சாக்கடையை ஊற்றியதாகச் சொல்லுவார். எட்டு நாள் தொடர்ந்து கறுத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அவள் கணவன் சைக்கிள் கடைக்காரர். பஞ்சர் ஒட்டுகிற கையோடு வந்து குப்பியைப் பார்த்தார்.

"இது என்ன, எனக்கு வெச்ச காப்பியா?"

"தெருக்குழாய்த் தண்ணி."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குப்பியைக் கீழே வைத்தார். "சொல்லிடு."

"பன்னெண்டாம் தேதி சொல்றேன்."

"இன்னும் எட்டு நாள் இருக்கு."

"என்னைப் பத்தி ஊர் நடுவுல சொன்னாரே, அன்னிக்கு யாராவது ஒரு நாள் பொறுத்தாங்களா? அவங்க குடிக்கட்டும். நான் வடிச்ச தண்ணி சாக்கடைன்னு சொன்னப்ப பேசாம கேட்டுக்கிட்டு இருந்தவங்கதான."

 அன்று முதல் வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். ஏன் கொதிக்க வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொண்டை வலி என்று சொல்லத் தயாராக இருந்தாள்.

தையல்காரியிடம் மட்டும் சொல்லலாமா என்று யோசித்தாள். தையல்காரிக்கு வாயில் பூட்டு கிடையாது. காலையில் சொன்னால் மத்தியானம் தலைவர் காதில் விழும். அதனால் தினமும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஒரு குடம் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எதுக்குக்கா சுமக்கிற? குழாய்லதான் இப்ப கொட்டோ கொட்டுன்னு கொட்டுதே."

"எங்க வீட்டுத் தண்ணி உனக்குப் பிடிக்கும்னுதான். வாங்கிக்கோ."

தையல்காரி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சிரித்தாள். அவளுடைய மகள் குடத்தைப் பிடிக்க ஓடிவந்தாள். மணல்காரிக்கு மனசு கொஞ்சம் ஆறியது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இரண்டாவது தடவையாக நினைத்துக்கொண்டாள்.

நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு காலையும் ஒரு குப்பி. ஒவ்வொன்றும் கறுத்தது. ஜன்னல் கட்டையில் அவை வரிசையாக நின்றன. ஊரில் வயிற்றுப்போக்கு என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள், அப்புறம் ஐந்து வீட்டில். அண்ணன் வீட்டில் அண்ணி படுத்துவிட்டாள் என்று கேட்டபோது மணல்காரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அன்றைக்குச் சிரித்தாளே, இப்போது சிரிக்கட்டும். மச்சினனும் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. அது இன்னும் இனித்தது.

எட்டாம் தேதி காலை எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. தையல்காரி மகளை மடியில் போட்டுக்கொண்டு ஏறினாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்திருந்தது.

"நேத்து ராத்திரிலேர்ந்து நிக்கலக்கா. நீ கொடுத்த தண்ணியத்தான வீட்டுல குடிக்கிறா. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல."

பள்ளிக்கூடத்திலும் குழாய் இருக்கிறது. மணல்காரி அதை நினைக்கவே இல்லை. பதினோரு வருஷம் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் அனுப்பியவள் அதை மறந்துபோனாள்.

ஆட்டோ போன பிறகு அவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். இப்போதே ஓடிப்போய்க் குழாயை மூடச் சொல்லலாம். தெருத்தெருவாகக் கத்தலாம். அதற்கு அவளைத் தடுத்தது எது என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். இன்னும் நான்கு நாள்தான். அண்ணனின் முகம் எப்படி வெளுக்கும் என்பதை அவள் இத்தனை நாளாக மனசுக்குள் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "இனிமே எல்லாத் தண்ணியையும் கொதிக்க வெச்சுக் கொடு" என்று மட்டும் சொன்னாள். தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மணல்காரி கையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி கூட்டம் போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது. பாதிப்பேர் முகத்தில் களை இல்லை. இன்ஜினியர் அம்மா கையேட்டைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலைவர். தையல்காரி மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எல்லாம் சீசன் மேடம். காத்து மாறுற காலம்," என்றார் தலைவர்.

மணல்காரி எழுந்தாள். துணிப்பையிலிருந்து குப்பிகளை எடுத்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். எட்டும் கறுப்பு. 

"தெருக்குழாய்த் தண்ணி மேடம். தினம் ஒண்ணு பிடிச்சது. ரெண்டு தொட்டியையும் ஒண்ணா வத்த வெச்சு, ஒரு சாண் வெட்டி, பிளீச்சிங் போட்டுத் தேய்ச்சு ஏட்டக் கொன்னுட்டாங்க. அடியிலிருந்து தண்ணி ஏத்தல. வாய்க்கால்ல விட்டுப் பார்க்கல. மறுநாளே குழாயத் திறந்துட்டாங்க."

இன்ஜினியர் அம்மா எழுந்து தொட்டிக்குப் போனாள். ஊரே பின்னால் போனது. அவள் ஒரு கைப்பிடி மணலை அள்ளித் தேய்த்துப் பார்த்தாள். வெறும் மணலாக உதிர்ந்தது.

"யார் பிளீச்சிங் போடச் சொன்னது?" என்றாள்.

மச்சினன் தலைவரைப் பார்த்தான். தலைவர் தரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. மணல்காரி நினைத்து வைத்திருந்ததைவிடவும் நன்றாக வெளுத்தது. எத்தனை நாள் காத்திருந்தாளோ அத்தனை நாளுக்கும் சேர்த்து அதைக் கண் நிறையப் பார்த்தாள்.

"தலைவர் பதவியிலேருந்து நீங்க இன்னிக்கே விலகணும். குழாய இப்பவே மூடுங்க. சாவி யார்கிட்ட இருந்துச்சோ அந்த அம்மாகிட்டயே திரும்பக் கொடுங்க," என்றாள் இன்ஜினியர் அம்மா. எல்லோரும் மறுபடி மேஜைக்கு வந்தார்கள். அவள் குறித்துக்கொள்வதற்காகக் குப்பிகளை எடுத்துப் பிளாஸ்திரியை வாசித்தாள். முதல் குப்பியில் அவள் விரல் நின்றது.

"இது மூணாம் தேதி பிடிச்சதா?"

"ஆமாம் மேடம்."

"எப்ப கறுத்துச்சு?"

"நாலாம் தேதி சாயங்காலம்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று மணல்காரிக்குப் புரிந்தது.

"இன்னிக்குப் பன்னெண்டு. எட்டு நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க அண்ணன்கிட்ட முன்னாடியே சொன்னேன் மேடம். அவர் கேக்கல."

"அண்ணன்கிட்ட சொன்னீங்க. இந்த ஊர் சனங்ககிட்ட?"

தலைவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். குரல் உயரவில்லை. "நான் தெரியாம செஞ்சேன். நீ தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

 கூட்டம் அண்ணனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. தையல்காரி முன்னால் வந்து குப்பிகளைத் தொடாமல் குனிந்து, தேதிகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. அங்கே நின்றாள்.

"அதான் தினமும் குடம் தூக்கிட்டு வந்தியாக்கா?" என்றாள்.

  தையல்காரி பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது. சாவி கிடைத்தது. அண்ணன் பதவி போயிற்று. மச்சினன் ஊரைவிட்டே போய்விட்டான். வெட்டி எறிந்த மணலைத் திரும்ப அள்ளிப் பல தண்ணீரில் அலசி நிரப்பினாள். அடியிலிருந்து தண்ணீர் ஏற்றிக் காற்றை வெளியே தள்ளினாள். பிறகு மேலே ஆற்றுத் தண்ணீரை விட்டு, இரவும் பகலும் நிற்காமல் மெல்ல ஓடவிட்டாள். வடிந்ததெல்லாம் வாய்க்காலுக்குப் போயிற்று. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் உயிர்கள் பிராணவாயு கிடைக்காமல் செத்துப்போகும். அவசரப்படுத்தினாலும் படியாது. அதற்கு அவள் வேண்டும், நேரம் வேண்டும், வேறொன்றும் செய்ய முடியாது. ஊர் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் அவள் போகும்போது பேச்சை நிறுத்தினார்கள்.

இரண்டாவது வாரத்தில் மணலின்மேல் லேசான பழுப்பு தெரிந்தது. மூன்றாவது வாரம் அது ஏடாகப் படர்ந்தது. விரலால் தொட்டாள், வழுக்கியது. பழைய நாளாக இருந்தால் கணவனைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

இன்ஜினியர் அம்மா கொடுத்துவிட்டுப் போன புதுக் குப்பிகளில் தொடர்ந்து நான்கு கறுக்கவில்லை. இன்ஜினியர் அம்மா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூல் மாதிரித்தான் வந்தது. முதலில் யாரும் வரவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்து பேசாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தையல்காரி வந்தாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அது நிறைகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தண்ணி. நாலு நாளா சோதிச்சாச்சு. கொதிக்க வைக்க வேண்டாம். பயப்படாம பிள்ளைக்குக் கொடு," என்றாள் மணல்காரி.

தையல்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நீ பொய் சொல்றேன்னு சொல்லலக்கா. ஆனா கெட்டுப் போனா நீ எப்ப சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதே."

அவள் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. மணல்காரி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். தையல்காரி பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி, குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றி, தீயை மூட்டினாள்.